நுனியில் அலை இல்லை: மாடி வீட்டில் ரவுட்டர் ஆன்டெனாவை எப்படி நிறுத்துவது?

கீழ்த்தளத்து ஹாலில் ரவுட்டர் இருக்கிறது. மாடிப் படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. உடனே நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: ரவுட்டரின் ஆன்டெனாவைப் பிடித்து, அதன் நுனியை அந்த அறை இருக்கும் பக்கமாகத் திருப்பி வைப்பது. நுனியிலிருந்துதான் அலை பாய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இயற்பியல் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. ஆன்டெனாவைச் சுற்றியுள்ள எல்லாத் திசைகளிலும் அலை மிகக் குறைவாகப் போகும் திசை அதன் நுனி காட்டும் திசைதான்.

ஏன் அப்படி? ரவுட்டரின் கறுப்புக் குச்சிக்குள் இருப்பது பெரும்பாலும் இருமுனை ஆன்டெனா என்ற எளிய அமைப்பு. குச்சி ஒரு சாண் நீளம் இருந்தாலும் உள்ளே அலையை வெளியிடும் உலோகப் பகுதி சில சென்டிமீட்டர்தான். மீதி இடத்தை இணைப்புக் கம்பியும் பிளாஸ்டிக் உறையும் நிரப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அந்த உலோகத்திலுள்ள மின்னூட்டங்கள் நொடிக்கு 240 கோடி முறை குச்சியின் நீளவாக்கில் மேலும் கீழும் அலைகின்றன. அந்த அசைவுதான் அலையாக வெளியேறுகிறது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அந்த அசைவு முழுதாகத் தெரியும். நுனிக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தாலோ மின்னூட்டம் தன்னை நோக்கி வந்து விலகுவதாக மட்டுமே தெரியும். குறுக்கசைவு எதுவும் தெரியாது. மின்காந்த அலை குறுக்கலை என்பதால் குறுக்கசைவு தெரியாத திசையில் அலையும் கிடையாது.

இந்த அலைப் பரவலின் உருவத்தைக் கற்பனை செய்ய ஒரு மெதுவடையை எடுத்துக்கொள்ளுங்கள். வடையின் ஓட்டைக்குள் செருகிய குச்சிதான் ஆன்டெனா, சுற்றியுள்ள சதைதான் அலை. குச்சி நிமிர்ந்து நின்றால் வடை தட்டில் கிடப்பதுபோல் கிடைமட்டமாகப் பரவும். அதே தளத்தின் அறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும், நேர் மேலே ஓட்டை. குச்சியைப் படுக்க வைத்தால் வடை விளிம்பில் நிமிர்ந்து நிற்கும். மேலும் கீழும் அலை போகும், ஆனால் ஓட்டை இப்போது பக்கவாட்டுக்கு வந்துவிடும். அலையை அனுப்புவதற்கு எந்த உருவமோ அதே உருவம்தான் வாங்குவதற்கும். ஆகவே செல்பேசியிலிருந்து திரும்பி வரும் அலைக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் மாடிக்கு அலை போக எல்லா ஆன்டெனாக்களையும் படுக்க வைத்துவிடலாமே’ என்று தோன்றும். நிறையப் பேர் அப்படித்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகக் கணக்குப் போட்டால் விடை வேறாக வருகிறது.

ஒரு வீடு, மூன்று இடங்கள்

20 அடி அகலம், 40 அடி நீளமுள்ள மனையில் எழுந்த மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு ஊர்களில் சாதாரணமாகக் காணும் அளவு இது. தெருப்பக்கம் ஹால், அதையடுத்துச் சாப்பாட்டு இடமும் சமையலறையும், பின்னால் ஒரு அறை. மேலேயும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஃபைபர் கம்பி தெருவிலிருந்து வருவதால் ரவுட்டர் ஹாலின் முன்பகுதியில், டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டருக்கும் மாடியில் கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசிக்கும் உயர வித்தியாசம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம்.

மாடியில் மூன்று இடங்களைப் பார்ப்போம். முதலாவது, ரவுட்டருக்கு ஏறக்குறைய நேர் மேலே உள்ள முன்னறை. கிடைமட்டமாக 3 அடி மட்டும் தள்ளியிருக்கிறது. இரண்டாவது, 10 அடி தள்ளியுள்ள நடு இடம். மூன்றாவது, 30 அடி தள்ளியுள்ள பின்னறை.

கணக்குக்கு ஓர் அலகு தேவை. அலையின் வலிமையை டெசிபெல்லில் சொல்வது வழக்கம். 3 டெசிபெல் குறைந்தால் திறன் பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் ஆன்டெனாவை நிமிர்த்தி வைப்போம். பின்னறை 30 அடி தொலைவிலும் 10 அடி உயரத்திலும் இருக்கிறது. அதாவது கிடைமட்டத்திலிருந்து 18 டிகிரிதான் மேலே. வடையின் சதைப்பகுதி அந்த உயரத்துக்கும் தாராளமாக எட்டுகிறது. இருமுனை ஆன்டெனாவின் சூத்திரப்படி அங்கே இழப்பு ஒரு டெசிபெல்கூட இல்லை. நடு இடம் 45 டிகிரியில் இருக்கிறது. இழப்பு 4 டெசிபெல். நேர் மேலே உள்ள முன்னறைதான் ஓட்டைக்குள் விழுகிறது; இழப்பு 13 டெசிபெல்.

13 என்றால் இருபதில் ஒரு பங்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் தொலைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னறை ரவுட்டரிலிருந்து ஏறக்குறைய 10 அடியில் இருக்கிறது, பின்னறை 32 அடியில். தொலைவு மூன்று மடங்கானாலே திறன் சுமார் 10 டெசிபெல் குறைந்துவிடும். ஆகவே ஓட்டையில் விழும் முன்னறைக்கும், ஓட்டையில் விழாத பின்னறைக்கும் கடைசியில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே அளவு அலைதான். நிமிர்ந்த ஆன்டெனாவின் பலவீனம், தொலைவு குறைவாக இருக்கும் இடத்திலேயே விழுகிறது. நிமிர்ந்த ஆன்டெனா மாடிக்கு ஆகாது என்ற பேச்சு அந்த ஒரு சிறு வட்டத்துக்கு மட்டும்தான் உண்மை. வட்டத்தை விட்டு வெளியே வரவர அது வேகமாகப் பொய்யாகிவிடுகிறது.

படுக்க வைத்தால் எந்தப் பக்கம்?

இனி அதே ஆன்டெனாவைப் படுக்க வைப்போம். நிமிர்த்துவதற்கு ஒரே வழிதான். படுக்க வைப்பதற்கோ பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் முடிவு செய்வது குச்சி எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கிறது என்பதுதான்.

குச்சி வீட்டின் நீளவாக்கில், நுனி பின்பக்கத்தைப் பார்த்தபடி படுத்தால் முன்னறைக்கு இழப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் பின்னறைக்கு 12 டெசிபெல் போய்விடும். தொலைவால் ஏற்கெனவே 10 டெசிபெல் இழந்த அறை அது. இரண்டும் சேர்ந்தால் முன்னறையைவிட நூறில் ஒரு பங்குக்கும் குறைவான திறனே அங்கே எட்டும். கீழ்த்தளத்துச் சமையலறையும் பின்னறையும் நுனிக்கு நேராகவே வந்துவிடுவதால் அவற்றுக்கும் அடி. தெருப்பக்கச் சுவரில் ரவுட்டரை ஆணியடித்து மாட்டிவிட்டு, ஆன்டெனாக்களை மடக்காமல் சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்க விடும் வீடுகளில் நடப்பது இதுதான். மாடி முன்னறையில் வைஃபை நன்றாக இருக்கும், கீழே சமையலறையில் இழுபறியாக இருக்கும்.

குச்சி வீட்டின் அகலவாக்கில், அதாவது குறுக்கே படுத்தால் நிலைமை மாறுகிறது. அதன் இரண்டு நுனிகளும் பக்கச் சுவர்களைப் பார்க்கின்றன. அந்தப் பக்கம் நம் ஹாலின் மிச்சமும் அடுத்த வீடும்தான் இருக்கின்றன. மாடியின் மூன்று இடங்களுமே குச்சியின் விலாப்பக்கத்தில் வருவதால் எதற்கும் இழப்பு இல்லை. காகிதத்தில் பார்த்தால் இதுவே முதல் பரிசுக்கு உரியது.

ஆனால் அலை காகிதத்தில் போவதில்லை, காங்கிரீட் தளத்தை ஊடுருவிப் போக வேண்டும்.

தளம் எந்த அலையை விடும்?

வீட்டு மாடித் தளம் பெரும்பாலும் ஐந்து அங்குலக் காங்கிரீட். உள்ளே சுமார் ஆறு அங்குல இடைவெளியில் கம்பி வலை. மேலே தரை ஓடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமும் ஐந்து அங்குலம்தான் என்பதால் கம்பி வலை அதை முழுவதும் மறிக்காது, ஓரளவு மறிக்கும். இந்தத் தளத்தைத் தாண்டும்போது 2.4இல் தோராயமாகப் பத்து டெசிபெல் அளவிலும், 5 கிகாஹெர்ட்ஸில் அதைவிட நன்றாகவே அதிகமாகவும் இழப்பு ஏற்படும். இந்த இழப்பை ஆன்டெனாவைத் திருப்பித் தவிர்க்க முடியாது. ஆனால் தளத்தின் பரப்பில் பட்டுத் திரும்பிப் போகும் அலையின் அளவு ஆன்டெனா நிற்கும் விதத்தைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொள்ள அலையின் இன்னொரு குணத்தைப் பார்க்க வேண்டும். ஆன்டெனா எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கமாகவே அலையின் மின்புலமும் அதிர்கிறது. இதைத் தளவிளைவு என்பார்கள். 1888இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹென்ரிச் ஹெர்ட்ஸ் தன் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் காட்டினார். அலையை அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்போது வாங்கும் பக்கம் தீப்பொறி தெறித்தது. ஒன்றைத் 90 டிகிரி திருப்பியதும் பொறி மறைந்தது.

அலை ஒரு பரப்பில் சாய்வாக வந்து விழும்போது இந்தத் தளவிளைவுதான் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு திரும்பும் என்று முடிவு செய்கிறது. ஒளிக்கு இந்த விதியைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர், ஆண்டு 1815. ஒரு குறிப்பிட்ட சாய்வில், விழும் அலையும் பரப்பின் செங்குத்துக் கோடும் அடங்கிய தளத்துக்குள்ளேயே மின்புலம் அதிர்ந்தால், அந்த அலை துளியும் திரும்பாமல் உள்ளே நுழைந்துவிடும். காங்கிரீட்டுக்கு அந்தச் சாய்வு, கிடைமட்டத்திலிருந்து கணக்கிட்டால், 23 டிகிரியை ஒட்டி வருகிறது.

நம் பின்னறை இருப்பது 18 டிகிரியில். நிமிர்ந்த ஆன்டெனாவிலிருந்து புறப்படும் அலையின் மின்புலம் மேலே சொன்ன விதமாகத்தான் அதிர்கிறது. ஆகவே அது தளத்தின் பரப்பில் ஏறக்குறைய எதையும் இழக்காமல் உள்ளே புகுகிறது. குறுக்கே படுத்த ஆன்டெனாவின் அலை பரப்புக்கு இணையாக அதிர்வதால், அதே சாய்வில் பாதிக்கும் மேல் திரும்பிவிடுகிறது. தளத்தின் கீழ்ப்பரப்பு, மேற்பரப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு 6 முதல் 7 டெசிபெல். காகிதத்தில் கிடைத்த முதல் பரிசு இங்கே பறிபோகிறது. தளத்தில் சாய்வாக விழும் அலை காங்கிரீட்டுக்குள் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும் என்று பலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் தேவையில்லை. உள்ளே நுழைந்ததும் அலை செங்குத்தை நோக்கி வளைந்துவிடுவதால் பாதையின் நீளம் பத்து விழுக்காடுகூடக் கூடுவதில்லை. இழப்பு நடக்கும் இடம் பரப்புதான்.

இதுவரை கிடைத்ததை இப்படிச் சுருக்கலாம்: நேர் மேலே உள்ள அறைக்குக் குறுக்கே படுத்த ஆன்டெனா நல்லது. தள்ளியுள்ள அறைக்கு நிமிர்ந்த ஆன்டெனா நல்லது. ஒரே ஆன்டெனா இரண்டையும் முழுதாகச் செய்ய முடியாது.

இரண்டு ஆன்டெனா இருக்கும்போது

வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக இரண்டு ஆன்டெனாக்களாவது இருக்கும். அப்போது ஒன்றை நிமிர்த்து, இன்னொன்றைப் படுக்க வை என்பது பழக்கமான அறிவுரை. ஆப்பிள் நிறுவனத்தில் வைஃபை பொறியாளராக இருந்த ஆல்ஃப் வாட் இப்படிச் சொன்னது பரவலாகப் பேசப்பட்டது. கைப்பேசியையும் மடிக்கணினியையும் நாம் எப்படியும் பிடிப்போம். அவற்றின் உள் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ரவுட்டரில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால், ஏதாவது ஒன்றுடன் கைப்பேசி ஒத்துப்போகும். இந்தக் காரணம் சரியானதே.

ஆனால் மாடி வீட்டில் இதற்கு ஒரு குறை உண்டு. இன்றைய வைஃபை இரண்டு ஆன்டெனாக்களிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனித் தரவு ஓடைகளை அனுப்புகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வலிமையில் வந்தால்தான் கைப்பேசி இரண்டையும் பிரித்துப் படித்து முழு வேகம் தரும். நேர் மேல் அறையில் படுத்த ஆன்டெனா முழு வலிமையிலும், நிமிர்ந்த ஆன்டெனா 13 டெசிபெல் குறைந்தும் வருகின்றன. இரண்டாவது ஓடை தடுமாறினால் ரவுட்டர் ஒரே ஓடைக்கு இறங்கிவிடும், வேகம் பாதியாகும். திரையில் வைஃபை கோடுகள் நிறைந்திருந்தும் வேகம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. இரண்டு ஆன்டெனாக்களையும் 45 டிகிரி சாய்த்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமுமாக, ‘வி’ வடிவில் விரித்து வைப்பது. இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி இருப்பதால் ஆல்ஃப் வாட் சொன்ன நன்மை அப்படியே கிடைக்கிறது. அந்த ‘வி’ வீட்டின் குறுக்கே விரிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதாவது தெருவாசலில் நின்று உள்ளே பார்ப்பவருக்கு அது ‘வி’யாகத் தெரிய வேண்டும். அப்போது இரண்டு ஆன்டெனாக்களும் ஒவ்வோர் இடத்துக்கும் சமமான அலையைத் தருகின்றன. நான்கு வகையான நிலைகளிலும், தளத்தை விட்டுவிட்டு ஆன்டெனாவின் உருவத்தால் மட்டும் வரும் இழப்பு டெசிபெல்லில் இப்படி இருக்கிறது:

| மாடியில் இடம் | நிமிர்த்தினால் | நீளவாக்கில் படுத்தால் | குறுக்கே படுத்தால் | குறுக்கே விரிந்த வி |
|---|---|---|---|---|
| முன்னறை (3 அடி) | 13 | 1க்குள் | 0 | 4 |
| நடு இடம் (10 அடி) | 4 | 4 | 0 | 2 |
| பின்னறை (30 அடி) | 1க்குள் | 12 | 0 | 1க்குள் |

குறுக்கே படுத்ததற்குப் பின்னறையில் தளத்தின் பரப்பால் வரும் 6, 7 டெசிபெல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வி’யின் அலையில் பாதி தளத்துக்குப் பிடித்த விதமாகவே அதிர்வதால் அதற்கு அங்கே சேரும் இழப்பு இரண்டை ஒட்டியே இருக்கும். ஆகவே எந்த அறையிலும் சுமார் நான்கு டெசிபெல்லுக்கு மேல் இழக்காத ஒரே நிலை ‘வி’தான். எந்த ஒரு அறையிலும் அது முதலிடம் பெறுவதில்லை, ஆனால் எந்த அறையையும் கைவிடுவதில்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் வரும். ரவுட்டரில் ஆன்டெனாக்கள் பெட்டியின் பின்விளிம்பில் வரிசையாக இருக்கும். ‘வி’ அந்த வரிசையின் பக்கமாகத்தான் விரியும். டிவி பக்கச் சுவரில் இருந்து, ரவுட்டரும் அந்தச் சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்தால், வரிசை வீட்டின் நீளவாக்கில் அமைந்துவிடும். அப்போது ‘வி’யின் ஒரு கை பின்னறையை நோக்கிச் சாய்ந்து அங்கே 8 டெசிபெல்லுக்கு மேல் இழக்கும். மேசையில் இருக்கும் பெட்டியானால் கால்வட்டம் திருப்பி வைத்தால் போதும். பக்கச் சுவரில் மாட்டியிருந்தால் திருப்ப முடியாது. அங்கே ஒன்றை நிமிர்த்தி, மற்றதைச் சுவரிலிருந்து நேரே ஹாலுக்குள் நீட்டி வைக்கலாம். அப்படி நீட்டுவது நம் வீட்டின் குறுக்கே படுக்க வைப்பதற்குச் சமம்.

நான்கு ஆன்டெனா இருந்தால் சிலவற்றில் இரண்டு 2.4க்கும் இரண்டு 5க்கும் என்று பிரித்திருப்பார்கள். எது எதற்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு ‘வி’ கிடைக்க வேண்டும் என்பதே குறிக்கோள். ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்து ஒருமுறையும், இடப்பக்க இரண்டை இடமாகவும் வலப்பக்க இரண்டை வலமாகவும் சாய்த்து ஒருமுறையும் அளந்து பார்த்து, நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆன்டெனா வாங்கும் முன்

மேலே சொன்ன எண்கள் எளிய இருமுனை ஆன்டெனாவுக்கானவை. அதன் பெருக்கம் 2.15 டிபிஐ. ரவுட்டர் பெட்டியில் 5 டிபிஐ என்றும், கடையில் தனியாக விற்கும் நீளக் குச்சிகளில் 9 டிபிஐ என்றும் போட்டிருப்பார்கள். எண் கூடினால் எல்லாப் பக்கமும் அலை கூடும் என்று நினைத்து வாங்குகிறோம். ஆன்டெனா புதிதாகத் திறனை உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போகும் அலையைக் குறைத்துப் பக்கவாட்டுக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். வடை தட்டையாகிக்கொண்டே போகிறது.

எளிய இருமுனை ஆன்டெனாவில் பாதித் திறனுக்குள் அடங்கும் செங்குத்துப் பரப்பு 78 டிகிரி. 5 டிபிஐ ஆகும்போது அது பாதியாகச் சுருங்குகிறது. 9 டிபிஐ ஆகும்போது 15 டிகிரி அளவுக்கு வந்துவிடுகிறது, அதாவது கிடைமட்டத்துக்கு மேலே ஏழெட்டு டிகிரிதான். நம் பின்னறையே 18 டிகிரியில் இருக்கிறது. 9 டிபிஐ குச்சியை நிமிர்த்தி வைத்தால் மாடி முழுவதும் அதன் பரப்புக்கு வெளியே போய்விடும். நீண்ட ஒற்றைத்தள வீட்டுக்கும் திறந்தவெளிக்கும் அது பொருந்தும். மாடி வீட்டுக்கு அதை வாங்குவது காசு கொடுத்து மாடியின் வைஃபையைக் குறைத்துக்கொள்வதாகும். 5 டிபிஐ ஆன்டெனாவிலும் நடு இடத்துக்கான இழப்பு அட்டவணையில் உள்ள 4ஐவிடக் கூடுதலாகவே இருக்கும். எனவே சாய்த்து வைப்பதன் பலனும் அங்கே கூடுதல்.

அளந்து பார்ப்பது

வீட்டுக்குள் அலை நேர்க்கோட்டில் மட்டும் வருவதில்லை. சுவர், பீரோ, ஃபிரிட்ஜ், படிக்கட்டுக் கைப்பிடி என்று பட்டுத் திரும்பியும் வருகிறது. அதனால் வடையின் ஓட்டை ஒருபோதும் முழுக்கக் காலியாக இருப்பதில்லை, 13 என்று கணக்கில் வருவது நேரில் அதைவிடக் குறைவாகவே தெரியும். இப்படித் திரும்பி வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விடுவதால், கைப்பேசியை இரண்டு மூன்று அங்குலம் நகர்த்தினாலே அளவு பெரிதாக ஏறி இறங்கும். ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

மடிக்கணினியை மாடியில் நாம் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். விண்டோஸ் என்றால் கட்டளைத் திரையில் இதைத் தட்டலாம்:

```
netsh wlan show interfaces
```

அதில் `Signal` என்ற வரியில் விழுக்காடு வரும். அதைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் டிபிஎம் அளவு கிடைக்கும். 60 விழுக்காடு என்றால் -70 டிபிஎம். -67ஐ ஒட்டியோ அதைவிட மேலாகவோ இருந்தால் வீடியோ அழைப்பு தடங்கலின்றி ஓடும். -80க்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஆப்பிள் கணினியில் `Option` விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் இந்த அளவு நேரடியாகவே தெரியும்.

அளப்பதற்கு முன் ரவுட்டர் அமைப்பில் 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கருவி தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி நம் கணக்கைக் கெடுத்துவிடும். ஒவ்வோர் ஆன்டெனா நிலைக்கும் கணினியை ஓரடி வட்டத்துக்குள் ஐந்தாறு இடங்களில் வைத்து எடுத்து, சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலைகளுக்கு இடையே சராசரி 3 டெசிபெல்லுக்குக் குறைவாக மாறினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஒரு அறையில் மட்டும் பார்க்காமல் கீழ்த்தளத்துக் கடைசி அறையிலும் எடுக்க வேண்டும். மாடிக்குக் கொடுத்ததைக் கீழே எங்கே இழந்தோம் என்பது அங்கேதான் தெரியும்.

எப்படித் திருப்பினாலும் மாடி அறையின் அளவு நகரவில்லை என்றால் ஆன்டெனா குற்றவாளி அல்ல. பெரும்பாலும் காங்கிரீட்டின் இழப்பே மேலோங்கி நிற்கும், குறிப்பாக 5 கிகாஹெர்ட்ஸில். அந்த அறையில் 2.4ஐப் பயன்படுத்திப் பாருங்கள். அடுத்து ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள். நம் வீட்டில் அதை முன்ஹாலிலிருந்து நடுவிலுள்ள படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனால் பின்னறைக்கான தொலைவு பாதியாகி சுமார் 5 டெசிபெல் கூடும். படிக்கட்டுக்காகத் தளத்தில் விட்ட திறப்பு வழியாக, காங்கிரீட்டைத் தொடாமலேயே கொஞ்சம் அலை மேலேறும். எந்த ஆன்டெனாவைத் திருப்பியும் கிடைக்காத லாபம் இது. அப்போதும் போதாதென்றால் படிக்கட்டு வழியாக ஒரு லேன் கேபிளை மேலே இழுத்து, மாடியில் இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதுதான் கடைசி வழி. அங்கே தளம் குறுக்கே வருவதே இல்லை.

ஆக, நிமிர்த்துவதா படுக்க வைப்பதா என்ற கேள்விக்கு மாடி வீட்டுக்கான தீர்ப்பு இது. ஒரே ஆன்டெனா இருந்தால் நிமிர்த்தியே வையுங்கள். நேர் மேல் அறைதான் முக்கியம் என்றால் மட்டும் வீட்டின் அகலவாக்கில் அதைப் பாதிவரை சாய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் வீட்டின் குறுக்கே ‘வி’யாக விரியுங்கள். எத்தனை இருந்தாலும், அலை வேண்டிய அறையை நோக்கி நுனியை மட்டும் நீட்டாதீர்கள்.